ஏலச்சீட்டுக்கு எழுதும் நாலு வரி

“மாதம் 5,000 கட்டுங்கள், 20 மாதத்தில் லட்சம் உறுதி! வங்கியைவிட அதிக லாபம். அரசு அங்கீகாரம் பெற்றது. இன்னும் 2 இடங்கள் மட்டுமே!”

எங்கள் அச்சகத்துக்கு ஒரு துண்டுத் தாளில் இப்படி எழுதி வந்தது. கூடவே ஒரு போட்டோ: புது வீட்டு வாசலில் மாலை போட்ட பைக், பக்கத்தில் சிரிக்கும் குடும்பம். கொண்டுவந்தவர் மோசடிக்காரர் இல்லை. முறையாகப் பதிவு செய்து ஏலச்சீட்டு நடத்துகிறவர், பல வருடமாக எனக்குத் தெரிந்தவர். “தம்பி, போட்டோவுக்குக் கீழே இதைப் போட்டு கடை வாசல் பலகைக்கும் வாட்ஸ்அப்புக்கும் ஒண்ணு அடிச்சுக் குடு” என்றார். நோட்டீசுக்கும் பலகைக்கும் வாசகம் எழுதுவதுதான் என் வேலை. இதை அப்படியே அடித்துக் கொடுக்க கால் மணி நேரம் போதும்.

“அண்ணே, லட்சம் உறுதின்னு போட்டிருக்கீங்களே, கடைசியா எடுக்கிறவருக்கு லட்சமா வரும்?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “கமிஷன் போக 95” என்றார். அதாவது முதல் வரியே 5,000 ரூபாய் தப்பு. அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து, பழைய சீட்டு நோட்டுகளை வைத்துக்கொண்டு கணக்குப் போட ஆரம்பித்தோம். ஒரு சிறு சேமிப்புத் திட்டத்துக்கு நேர்மையான வாசகம் எழுத வேண்டுமென்றால் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். உள்ளே பணம் எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரியாமல் கடைசியில் “நிபந்தனைகளுக்கு உட்பட்டது” என்று பொடி எழுத்தில் ஒட்டுவதால் ஒரு பயனும் இல்லை.

அவருடைய சீட்டு எளிமையானது. 20 பேர், 20 மாதம், தவணை 5,000 ரூபாய், சீட்டுத் தொகை ஒரு லட்சம். மாதம் ஒரு ஏலம். பணம் தேவைப்படுகிறவர்கள் “இவ்வளவு தள்ளி எடுத்துக்கொள்கிறேன்” என்று கேட்பார்கள். அதிகம் தள்ளுகிறவருக்குச் சீட்டு. தள்ளிய தொகையில் நடத்துகிறவரின் கமிஷன் 5,000 போக மீதியை 20 ஆகப் பிரித்து, எல்லாருடைய தவணையிலும் கழிப்பார்கள். இதைத்தான் சிலர் கசர் என்கிறார்கள், சிலர் கழிவு என்கிறார்கள், கம்பெனிக்காரர்கள் டிவிடெண்ட் என்கிறார்கள். இவருடைய ஒப்பந்தத்தில் 30,000 ரூபாய்க்கு மேல் தள்ள முடியாது. இரண்டு பேர் மூன்று பேர் அந்த உச்சத்தைத் தொட்டால் குலுக்கிப் போட்டு ஒருவரை எடுப்பார்கள். யாருமே கேட்காத மாதத்திலும் குலுக்கல்தான். அப்போது எடுப்பவருக்குக் கமிஷன் மட்டும் கழியும்.

சூடாகப் போகும் சீட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் 6 மாதம் 30,000 தள்ளிப் போகிறது. அடுத்த 6 மாதம் 20,000. அதற்கடுத்த 6 மாதம் 12,000. கடைசி 2 மாதம் வெறும் கமிஷன். நிஜத்தில் இப்படிப் படிக்கட்டு மாதிரி இறங்காது, ஏறி இறங்கும். கணக்குக்கு இது போதும். முதல் 6 மாதம் 30,000-இல் கமிஷன் போக 25,000. ஆளுக்கு 1,250 கழிவு. கட்ட வேண்டியது 3,750. அடுத்த 6 மாதம் 4,250. அப்புறம் 4,650. கடைசி இரண்டு மாதம் முழு 5,000. (பல இடங்களில் கழிவு அடுத்த மாதத் தவணையில்தான் கழியும், இங்கே அதே மாதம் என்று வைத்துக்கொண்டேன்.) கூட்டினால் ஒவ்வொருவரும் 20 மாதத்தில் கட்டியது 85,900 ரூபாய். கடைசியில் எடுப்பவர் கைக்கு வருவது 95,000. அவருக்கு 9,100 மிச்சம். அவர் கட்டிய ஒவ்வொரு தவணையும் எத்தனை மாதம் உள்ளே கிடந்தது என்று பார்த்து வட்டியாக மாற்றினால் ஆண்டுக்கு 13, 14 சதவீதம் வரும். “வங்கியைவிட அதிக லாபம்” என்று அண்ணன் எழுதியது இந்த ஆளை மனதில் வைத்துத்தான்.

சரி, இப்போது அதே சீட்டு மந்தமாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சேர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கடைசியில் எடுக்கலாம் என்று காத்திருக்கிறவர்கள். அவசரம் யாருக்கும் இல்லை. முதல் 6 மாதம் 15,000 தள்ளிப் போகிறது, அடுத்த 6 மாதம் 10,000, மீதி 8 மாதமும் கேட்க ஆளில்லாமல் கமிஷனோடு போகிறது. கழிவு முதலில் 500, பிறகு 250, அப்புறம் ஒன்றுமில்லை. மொத்தம் 4,500 ரூபாய்தான் கழிகிறது. கட்டியது 95,500. கடைசியில் எடுப்பவருக்கு வருவது அதே 95,000. இருபது மாதம் பொறுமையாகக் காத்திருந்தவர் 500 ரூபாய் கைநஷ்டத்தோடு போகிறார். நடத்துகிறவரின் கமிஷன் மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதாவது 900 ரூபாய். அதையும் எடுப்பவர் தலையில் கட்டினால் நஷ்டம் 1,400.

அதே கம்பெனி, அதே ஒப்பந்தம், அதே கமிஷன். எவரும் ஏமாற்றவில்லை, எவரும் தவணை தவறவில்லை. அப்படியிருந்தும் ஒன்றில் 9,100 லாபம், இன்னொன்றில் நஷ்டம். சீட்டு தொடங்கும் நாளில் இது எந்தப் பக்கம் போகும் என்று நடத்துகிறவருக்கே தெரியாது. ஏலத்தில் யார், எந்த மாதம், எவ்வளவு அவசரத்தில் கேட்கப் போகிறார் என்பதை யார் முன்கூட்டிச் சொல்ல முடியும்? “உறுதி” என்ற சொல்லைத் தூக்க இந்தக் காரணம் ஒன்றே போதும்.

இன்னொரு கணக்கையும் போட்டேன். அதைப் பார்த்த பிறகுதான் அண்ணன் எதிர்வாதத்தை நிறுத்தினார். சூடாகப் போன சீட்டில் 20 பேரும் சேர்ந்து கட்டியது 17,18,000 ரூபாய். 20 பேரும் சேர்ந்து எடுத்தது 16,18,000. வித்தியாசம் சரியாக ஒரு லட்சம், அதாவது 20 மாதக் கமிஷன். மந்தமான சீட்டிலும் போட்டுப் பாருங்கள், அதே ஒரு லட்சம்தான் வரும். ஏலச்சீட்டில் பணம் எங்கேயும் போய் முதலீடாகி வளர்ந்து வருவதில்லை. ஒரே அறையில் இருக்கும் 20 பேருக்குள் கை மாறுகிறது. மாறும்போது ஒவ்வொரு தடவையும் 5,000 ரூபாய் வெளியே போகிறது. கடைசியில் எடுத்தவரின் 9,100 ரூபாய், முதலில் எடுத்தவர்களின் பையிலிருந்து வந்தது. முதல் மாதம் 30,000 தள்ளி 70,000 எடுத்தவர் மொத்தம் கட்டுவது அதே 85,900. அவருக்கு அது 15,900 ரூபாய் வட்டிக்கு வாங்கிய கடன். நூற்றுக்கு மாதம் இரண்டு வட்டிக்குச் சற்று மேலே வரும். அவசரத்துக்கு ஈடில்லாமல் வெளியே வாங்கினால் அதைவிடக் கூட ஆகும் என்பதால் அவர் அதற்குச் சம்மதிக்கிறார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆக, இந்தச் சீட்டில் 12 பேர் எடுத்ததைவிட அதிகம் கட்டினார்கள்; 8 பேர் கட்டியதைவிட அதிகம் எடுத்தார்கள். “சேருங்கள், லாபம் பெறுங்கள்” என்று 20 பேரையும் ஒரே வாசகத்தில் கூப்பிட்டால் அதில் 12 பேருக்குப் பொய் சொன்னதாக ஆகும். ஒரே வாசகம் கடன் தேடி வருகிறவரோடும் சேமிக்க வருகிறவரோடும் பேச வேண்டியிருக்கிறது. ஏலச்சீட்டுக்கு எழுதுவதில் உள்ள நிஜமான சிரமம் அதுதான். வங்கியின் தொடர் வைப்புக்கு எழுதுகிறவருக்கு இந்தத் தலைவலி கிடையாது.

இந்த இடத்தில் சட்டம் கொஞ்சம் கைகொடுக்கிறது. 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டது. நடத்துகிறவரின் கமிஷன் உச்சவரம்பை 5 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாக உயர்த்தியதுதான் அப்போது செய்தியில் பெரிதாக வந்தது. அதைவிட, வாசகம் எழுதுகிற எனக்கு முக்கியமான ஒன்று அதே திருத்தத்தில் இருக்கிறது: சட்டம் தன் சொற்களையே மாற்றிக்கொண்டது. அதுவரை ‘டிவிடெண்ட்’ என்று இருந்ததை ‘தள்ளுபடியில் பங்கு’ என்று ஆக்கினார்கள். ‘பரிசுத் தொகை’ என்று இருந்தது ‘நிகரச் சீட்டுத் தொகை’ ஆயிற்று. வெறும் ‘சீட்டுத் தொகை’, ‘மொத்தச் சீட்டுத் தொகை’ ஆயிற்று. டிவிடெண்ட் என்றதும் கம்பெனி லாபம் சம்பாதித்துப் பங்கு போடுகிறது என்று தோன்றும். பரிசு என்றால் லாட்டரி மாதிரி இருக்கும். 1978-லேயே தனிச் சட்டம் போட்டுத் தடை செய்த பரிசுச் சீட்டோடு குழம்பும். மொத்தம், நிகரம், தள்ளுபடியில் பங்கு என்ற மூன்று சொற்களும் நடப்பதை அப்படியே சொல்கின்றன. ஊர்ப்பேச்சில் கசர், கழிவு என்ற சொற்கள் காலங்காலமாக இதைச் சரியாகத்தான் சொல்லி வந்திருக்கின்றன என்பது வேறு விஷயம். அதனால் எங்கள் வாசகத்தில் டிவிடெண்ட் என்ற சொல்லே வரவில்லை.

அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவு நேராக என் மேசைக்கே வருகிறது. மாநில அரசின் முன் அனுமதி பெறாமல் சீட்டுத் தொடங்கக் கூடாது என்பது 4-ஆம் பிரிவு. அந்த அனுமதி பெறப்பட்டது என்பதையும் அதன் விவரத்தையும் சொல்லாமல், பொதுமக்களைச் சீட்டில் சேர அழைக்கும் நோட்டீஸ், சுற்றறிக்கை எதையும் வெளியிடக் கூடாது என்பது 5-ஆம் பிரிவு. போட்டோவுக்குக் கீழே நாலு வரி என்றாலும் அது அழைப்புதானே. அண்ணனிடம் அனுமதி ஆணை இருந்தது, கோப்பில் பத்திரமாக இருந்தது. ஆனால் துண்டுத் தாளில் எண் இல்லை. “அதெல்லாம் யார் படிக்கப் போறா” என்றார். படிக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் ஒருவருக்குச் சந்தேகம் வந்தால், அந்த எண்ணை எடுத்துக்கொண்டு பதிவுத்துறை அலுவலகத்தில் போய் விசாரிக்க முடியும். வேறு எந்த வரியையும் அப்படிச் சரிபார்க்க முடியாது. எண் இல்லாத சீட்டு நோட்டீசைப் பார்த்தால் நீங்கள் முதலில் கேட்க வேண்டியதும் அதுதான். தெருவில் அக்காமார் நோட்டுப் போட்டு நடத்தும் சீட்டுக்கு இந்த எண் இருக்காது; அதற்கு எவ்வளவு நல்ல வாசகம் எழுதினாலும் இந்த ஒரு வரியை நிரப்ப முடியாது.

“இன்னும் 2 இடங்கள் மட்டுமே” என்பதிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஆள் சேர்க்கும் ஆரம்ப நாளில் அடிக்கிற பலகையில் அதை எழுதினால் முதல் நாளே பொய். அதைவிடப் பெரிய விஷயம், எல்லா இடமும் நிரம்பியதாக நடத்துகிறவர் எழுதிக் கொடுத்து, பதிவாளர் தொடக்கச் சான்றிதழ் தந்த பிறகுதான் சீட்டைத் தொடங்க முடியும். ஆகவே “முதல் ஏலம் தை 1” என்று தேதி போட்டு வாக்குக் கொடுப்பதும் ஆகாது. “20 பேரும் சேர்ந்து, தொடக்கச் சான்றிதழ் கிடைத்த பிறகே முதல் ஏலம்” என்று எழுதினோம். பொங்கலுக்கு முதல் சீட்டையே எடுத்துவிடலாம் என்று நம்பிச் சேருகிறவருக்கு இந்த ஒரு வரி பெரிய தொந்தரவை மிச்சப்படுத்தும்.

‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்பது சட்டப்படி பார்த்தால் பொய்யில்லை. பதிவு இருக்கிறது, அனுமதி இருக்கிறது. ஆனால் படிக்கிறவர் காதில் விழுவது வேறு: “கம்பெனி போனாலும் அரசு கொடுக்கும்.” அப்படி எதுவும் கிடையாது. வங்கி வைப்புக்கு ஓர் ஆளுக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. சீட்டுக்கு அந்தக் காப்பீடு இல்லை. சீட்டுக் கம்பெனிகளை ரிசர்வ் வங்கி மேற்பார்ப்பதும் இல்லை. அது மாநிலப் பதிவாளரின் வேலை. அதனால் ‘அங்கீகாரம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘பதிவு பெற்றது’ என்று போட்டு, அதே மூச்சில் ‘பணத்துக்கு அரசு பொறுப்பு இல்லை’ என்றும் சேர்த்தேன். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். பதிவு எண் மேலே பெரிதாகவும் காப்பீடு இல்லை என்பது மூலையில் சிறிதாகவும் போனால், மேலே உள்ளது மட்டும்தான் மனதில் நிற்கும்.

பதிவு பெற்ற சீட்டுக்குப் பாதுகாப்பே இல்லை என்று அர்த்தமில்லை. நடத்துகிறவர் சீட்டுத் தொகைக்குச் சமமான தொகையை வங்கியில் ஈடாகப் போட வேண்டும், அல்லது அதற்கு மாற்றாகச் சட்டம் சொல்லும் பத்திரங்களை வைக்க வேண்டும். எங்கள் சீட்டுக்கு அது ஒரு லட்சம். இது எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்ப்போம். சூடான சீட்டில் 12-ஆவது ஏலம் முடிந்த அன்று, இன்னும் எடுக்காதவர்கள் 8 பேர். ஒவ்வொருவரும் அதுவரை கட்டியது 48,000 ரூபாய். எட்டுப் பேருக்குமாக 3,84,000. ஈடு ஒரு லட்சம். மீதிப் பணம் கம்பெனிப் பெட்டியில் இருக்குமா என்றால், இருக்காது, இருக்கவும் கூடாது. அதை மாதாமாதம் எடுத்துப் போய்விட்டார்கள். ஏற்கெனவே எடுத்த 12 பேர் இனிமேல் கட்ட வேண்டிய தவணைகளாக அது வெளியே நிற்கிறது. அந்த 12 பேரும் ஆளுக்கு இன்னும் 37,900 ரூபாய் கட்ட வேண்டும். எடுக்காத எட்டுப் பேரின் சேமிப்பு என்பது உண்மையில் அந்தப் பன்னிரண்டு பேரின் நாணயம்.

எடுத்தவர் ஒருவர் 13-ஆம் மாதம் நிறுத்திவிட்டால், சட்டப்படி நடத்துகிறவர் தன் கையிலிருந்து போட்டு ஏலத்தை நடத்திக்கொண்டு, ஜாமீன்தாரரையும் எடுத்தவரையும் துரத்த வேண்டும். ஒருவர் என்றால் மாதம் 4,650 ரூபாய், தாங்கிக்கொள்வார். நாலைந்து பேர் என்றால் சின்னக் கம்பெனி திணறும். திணறுவது எப்படித் தெரியும் என்றால், எடுத்த சீட்டுக்குப் பணம் தருவதுதான் முதலில் தள்ளிப் போகும். “அடுத்த வாரம் வாங்க”, “ஒரு ஜாமீன் கையெழுத்து குறையுது”, “செக்கை இப்போ போடாதீங்க.” ஜாமீன் சரியாகக் கொடுத்தவருக்கு அடுத்த ஏலத் தேதிக்குள் பணம் வந்திருக்க வேண்டும். அது இரண்டு மாதம் தொடர்ந்து தவறினால் பிரச்சினை ஒருவரோடு நிற்கவில்லை என்று அர்த்தம். பதிவாளரிடம் வழக்காகக் கொண்டுபோக வழி உண்டு. சீட்டுத் தகராறுகளை அவர்தான் விசாரிக்க வேண்டும். ஆனால் அதற்கெல்லாம் நாளாகும்.

எடுத்தவர்கள் கட்டாமல் போகலாம் என்ற அபாயத்தை வாசகத்தில் எப்படிச் சொல்வது என்பதுதான் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். “தவணை தவறுகிறவங்க இருப்பாங்கன்னு நானே எழுதுனா எவன் சேருவான்?” என்றார் அண்ணன். அவர் பயம் நியாயமானதுதான். கடைசியில், அபாயத்தை எடுப்பவரின் கடமையாகத் திருப்பிச் சொல்லலாம் என்று முடிவு செய்தோம்: சீட்டு எடுத்த பிறகும் கடைசி மாதம் வரை கட்ட வேண்டும், எடுக்கும்போது ஜாமீன் கட்டாயம். இது கடன் தேடி வருகிறவரை எச்சரிக்கிறது. சேமிக்க வருகிறவருக்கோ நடத்துகிறவர் ஜாமீன் கேட்கிறார் என்று தெரிகிறது. அதோடு, எடுத்தவர்கள் தவறினால் பணம் வரத் தாமதமாகலாம் என்று ஒரு சிறு வாக்கியம். அதை அவர் மனசில்லாமல்தான் ஒப்புக்கொண்டார்.

‘வரை’ என்ற சொல்லோடும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. உறுதி என்று போடக் கூடாது என்றதும் “அப்போ 14 சதவீதம் வரைன்னு போடலாம்ல” என்றார். விளம்பரக்காரர்களின் செல்லப்பிள்ளை இந்த வரை. கணக்குப்படி அது பொய்யாகாது. நல்ல சீட்டில், கடைசியில் எடுத்த இரண்டு பேருக்கு அதை ஒட்டி வந்தது. ஆனால் மேல் எல்லையை மட்டும் சொல்லிக் கீழ் எல்லையை விட்டுவிட்டால், படிக்கிறவர் மேலே உள்ளதையே எதிர்பார்ப்பார். ‘போன சீட்டில் கிடைத்தது’ என்று பழைய கணக்கைக் காட்டுவதும் இதே ஜாதிதான். எந்தச் சீட்டைக் காட்டுவது என்று தேர்ந்தெடுப்பவர் நடத்துகிறவர். ஆகவே வரை என்று வந்தால் இரண்டு முனையும் வர வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். சதவீதமே வேண்டாம், ரூபாயில் சொல்வோம் என்றும் முடிவு செய்தோம். எடுப்பவர் கைக்கு 70,000 முதல் 95,000 வரை. இந்த இரண்டு எண்ணும் ஒப்பந்தத்திலிருந்தே வருபவை. ஏலம் எப்படிப் போனாலும் இந்த எல்லையைத் தாண்டாது. உறுதியாகச் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

போட்டோவை மாற்றச் சொன்னதுதான் அண்ணனுக்குக் கஷ்டமாக இருந்தது. கீழே நாம் எவ்வளவு நிதானமாக எழுதினாலும் மேலே புது வீடும் மாலை போட்ட பைக்கும் நின்றால், வாக்குறுதியைப் போட்டோ கொடுத்துவிடுகிறது. ஒரு லட்சம் சீட்டில் எந்த வீடு வரும்? பதிலாக அவருடைய கடையிலேயே ஏலம் நடக்கும்போது எடுத்த ஒரு படத்தைப் போட்டோம்: பெஞ்சில் ஏழெட்டுப் பேர், மேசையில் நோட்டு, சுவரில் காலண்டர். யாருடைய முகமும் தெரியாத கோணம். படத்தில் இருப்பது அறை, ஆட்கள், நோட்டு. சீட்டிலும் அவ்வளவுதான் இருக்கிறது.

கடைசியில் பலகைக்குப் போன வாசகம் இது. அனுமதி எண்ணையும் நாளையும் மட்டும் இங்கே எழுதாமல் விட்டிருக்கிறேன்.

“ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு. 20 பேர், 20 மாதம். மாதத் தவணை அதிகபட்சம் ரூ. 5,000, ஏலத்தில் தள்ளும் தொகையைப் பொறுத்துக் குறையலாம், குறையாமலும் போகலாம். எடுப்பவர் கைக்கு ரூ. 70,000 முதல் ரூ. 95,000 வரை, ஜி.எஸ்.டி. தனி. எங்கள் கமிஷன் மாதம் ரூ. 5,000.

இது வைப்பு அல்ல. வட்டியோ லாபமோ உறுதி இல்லை. கட்டியதைவிடக் குறைவாகவும் கிடைக்கலாம். எடுத்த பிறகும் கடைசி மாதம் வரை கட்ட வேண்டும். எடுக்கும்போது ஜாமீன் தேவை. எடுத்தவர்கள் தவறினால் பணம் வரத் தாமதமாகலாம்.

பதிவு பெற்ற சீட்டு. பணத்துக்கு அரசு பொறுப்பு இல்லை, வைப்புக் காப்பீடும் இல்லை. முன் அனுமதி எண் … நாள் … 20 பேரும் சேர்ந்து, தொடக்கச் சான்றிதழ் கிடைத்த பிறகே முதல் ஏலம். சேரும் முன் ஒப்பந்தத்தைக் கேட்டுப் படியுங்கள்.”

நாலு வரி என்று தொடங்கியது மூன்று பத்தி ஆகிவிட்டது. நடுவில் நின்றுவிட்டால் கட்டிய பணம் என்னாகும் என்பதையும் சேர்க்க ஆசைதான். எடுக்காதவர் விலகினால் ஒப்பந்தப்படி பிடித்தம் போக மீதி திரும்பும். ஆனால் எவ்வளவு, எப்போது என்பதை ஒரு வரியில் அடக்க முடியவில்லை. அதை “ஒப்பந்தத்தைக் கேட்டுப் படியுங்கள்” என்பதற்குள் தள்ளிவிட்டது இந்த வாசகத்தின் குறைதான். நடத்துகிறவரே ஒரு மாதம் தள்ளாமல் முழுத் தொகையை எடுத்துக்கொள்ளும் வழக்கம் சில சீட்டுகளில் உண்டு. ஒப்பந்தத்தில் இருந்தால் அதற்குச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் நோட்டீசிலும் அது வர வேண்டும். அண்ணன் சீட்டில் அது இல்லாததால் தப்பித்தோம்.

வாட்ஸ்அப்புக்குச் சுருக்கமாக வேண்டும் என்றார். சுருக்கும்போது எது முதலில் வெட்டப்படும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் தலைகீழாகப் போனேன்: எதை வெட்டினாலும் “கட்டியதைவிடக் குறைவாகவும் கிடைக்கலாம்”, அனுமதி எண், “வைப்புக் காப்பீடு இல்லை” என்ற மூன்றும் போகக் கூடாது என்று முதலில் வைத்துவிட்டு, மிச்ச இடத்தில் தொகையும் மாதமும் எழுதினேன். கமிஷன் வரி அதில் இடமில்லாமல் போய்விட்டது. அடுத்த நாளே குழுவில் யாரோ “உங்க கமிஷன் எவ்வளவு?” என்று கேட்க, அண்ணன் எனக்கு அதை முன்னனுப்பி, “இதையும் சேர்த்துடு” என்று எழுதியிருந்தார்.

பலகையில் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் கடைசி வரை பேரம் நடந்தது. “குறைவாகவும் கிடைக்கலாம்” என்ற வரியை மட்டும் பாதி அளவு எழுத்தில் போடலாமா என்றார். மேலே 95,000 எந்த அளவில் இருக்கிறதோ அதே அளவில்தான் இதுவும் என்றேன். அப்படிப் போட்டதில் பலகை இரண்டு அடி நீண்டுவிட்டது. பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டு, ஷட்டர் பெட்டிக்கு மேலே ஏற்றி மாட்டினார்கள்.